புதிய கூட்டாளி நற்பெயருக்குப் பணம் தராதபோது: தியாக விகிதமும் மறைமுக நற்பெயரும், படிப்படியாக

புதிய கூட்டாளி ஒருவர் நிறுவனத்துக்குள் வருகிறார். மூலதனம் கொண்டுவருகிறார், ஆனால் நற்பெயருக்கென்று தனியாக எதுவும் தரவில்லை. நற்பெயரின் மதிப்பு எவ்வளவு என்றும் எங்கும் சொல்லப்படவில்லை. அவர் கொண்டுவரும் மூலதனத்திலிருந்து நாமே ஊகித்தெடுக்கும் அந்த மதிப்புதான் மறைமுக நற்பெயர். பழைய கூட்டாளிகளோ தங்கள் லாபப் பங்கில் ஒரு பகுதியை அவருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். அதற்கு ஈடு அவர்களுக்குச் சேர்ந்தாக வேண்டும். அந்த ஈடு எவ்வளவு, அது யார் கணக்கிலிருந்து யார் கணக்குக்குப் போக வேண்டும் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

இதற்கான சூத்திரம் சின்னது. மாணவர்கள் அதை மறப்பதில்லை. எந்த எண்ணை, எந்தக் கட்டத்தில் எடுத்து அதில் போடுவது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் ஒரே கணக்கை ஆரம்பம் முதல் கடைசி வரை எடுத்துக்கொண்டு, வரிசை ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

## 1. இது மறைமுக நற்பெயர்க் கணக்குதானா என்று முதலில் பாருங்கள்

பேனாவை எடுப்பதற்கு முன் கணக்கை இரண்டு கேள்விகளோடு படியுங்கள்.

முதல் கேள்வி: நற்பெயரின் மதிப்போ, அதைக் கணக்கிடும் முறையோ கொடுக்கப்பட்டிருக்கிறதா? ‘நற்பெயர் ரூ.1,00,000 என மதிப்பிடப்பட்டது’ என்றோ, ‘மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தின் இரண்டு மடங்கு’ என்றோ இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். அங்கே மறைமுக நற்பெயருக்கு வேலையே இல்லை. புதியவர் நற்பெயருக்காக ஒரு ரூபாயும் தரவில்லை என்றாலும், மதிப்பு தெரிந்துவிட்டால் அதில் மறைந்திருக்க எதுவும் கிடையாது.

இரண்டாவது கேள்வி: புதியவரின் மூலதனம் ஒரு தொகையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா, அல்லது நாம்தான் கண்டுபிடிக்க வேண்டுமா? ‘லாபப் பங்குக்கு ஏற்ற விகிதத்தில் மூலதனம் கொண்டுவருவார்’ என்று மட்டும் இருந்தால் அது வேறு வகைக் கணக்கு. அங்கே பழைய கூட்டாளிகளின் மூலதனத்திலிருந்து புதியவருடையதைக் கணக்கிடுகிறோம். இங்கே பயணம் எதிர்த்திசையில் போகிறது. புதியவர் கொண்டுவரும் தொகையிலிருந்து மொத்த நிறுவனத்தின் மதிப்பை ஊகிக்கிறோம். இரண்டிலும் ‘மொத்த மூலதனம்’ என்ற சொல் வருவதால் பலர் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

ஆக, மூலதனத் தொகை தெரியும், லாபப் பங்கு தெரியும், நற்பெயரின் மதிப்பு மட்டும் தெரியாது என்ற நிலையில்தான் கீழே உள்ள படிகள் செல்லும்.

## 2. நாம் எடுத்துக்கொள்ளும் கணக்கு

மாலா, குமார் இருவரும் 3:2 விகிதத்தில் லாபம் பகிர்கிறார்கள். இருப்புநிலைக் குறிப்பு இப்படி இருக்கிறது:

| பொறுப்புகள் | ரூ. | சொத்துகள் | ரூ. |
|---|---|---|---|
| மாலா மூலதனம் | 3,00,000 | நற்பெயர் | 20,000 |
| குமார் மூலதனம் | 2,00,000 | இயந்திரம் | 2,80,000 |
| பொதுக் காப்பு | 50,000 | சரக்கிருப்பு | 1,50,000 |
| கடனீந்தோர் | 80,000 | கடனாளிகள் | 1,20,000 |
| | | ரொக்கம் | 60,000 |
| மொத்தம் | 6,30,000 | மொத்தம் | 6,30,000 |

ராணி ரூ.2,00,000 மூலதனத்தோடு 1/5 பங்குக்குச் சேர்கிறார். மாலா தன் பங்கில் 1/6 பாகத்தையும், குமார் தன் பங்கில் 1/4 பாகத்தையும் அவருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். இயந்திரத்தின் மதிப்பு ரூ.3,05,000 எனத் திருத்தப்படுகிறது. கடனாளிகள் மீது ரூ.10,000 ஐயக்கடன் ஒதுக்கு உருவாக்க வேண்டும். நற்பெயருக்காக ராணி எதுவும் கொண்டுவரவில்லை.

## 3. தியாக விகிதத்தை முதலில் முடித்துவிடுங்கள்

பழைய கூட்டாளிகள் ஒவ்வொருவரும் விட்டுக்கொடுக்கும் பங்குகளுக்கு இடையே உள்ள விகிதம்தான் தியாக விகிதம். அதற்குச் சொத்து, காப்பு, மூலதனம் எதுவும் தேவையில்லை. லாபப் பங்குகள் மட்டும் போதும். அதனால் இதை ஆரம்பத்திலேயே முடித்து ஓரமாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பிற்பாடு ரூபாய்க் கணக்கின் நடுவில் பின்னங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

‘தன் பங்கில் 1/6 பாகம்’ என்றால் பெருக்க வேண்டும். மாலாவின் பங்கு 3/5. அதில் ஆறில் ஒரு பாகம்:

மாலாவின் தியாகம் = 3/5 × 1/6 = 1/10

குமாரின் தியாகம் = 2/5 × 1/4 = 1/10

ஆக தியாக விகிதம் 1:1. மாலாவின் புதிய பங்கு 6/10 − 1/10 = 5/10. குமாருடையது 4/10 − 1/10 = 3/10. ராணிக்கு 2/10. புதிய லாபப் பகிர்வு விகிதம் 5:3:2.

இந்தப் படியில் நடக்கும் தவறுகளில் பெரியது, 1/6-ஐயும் 1/4-ஐயும் அப்படியே தியாகமாக எடுத்துக்கொள்வது. ‘தன் பங்கிலிருந்து 1/6’ என்று இருந்தால்தான் மொத்த லாபத்தில் 1/6 போகிறது என்று பொருள். அப்போது நேராகக் கழிக்கலாம். ‘பங்கில் இத்தனை பாகம்’ என்றால் பெருக்கியே ஆக வேண்டும். சந்தேகம் வந்தால் கூட்டிப் பாருங்கள். தியாகங்களின் கூட்டுத்தொகை புதியவரின் பங்குக்குச் சமமாக இருக்க வேண்டும். நம் கணக்கில் 1/10 + 1/10 = 1/5, சரியாக இருக்கிறது. பெருக்காமல் விட்டிருந்தால் 1/6 + 1/4 = 5/12 என்று வந்து, அந்த இடத்திலேயே குட்டு உடைந்திருக்கும்.

இன்னொரு தவறு, எதையும் பார்க்காமல் பழைய விகிதத்தையே தியாக விகிதமாக எடுத்துக்கொள்வது. ‘ராணிக்கு 1/5 பங்கு’ என்பதைத் தவிர வேறு தகவலே இல்லை என்றால் அது செல்லும். பழையவர்கள் மிச்சமிருக்கும் 4/5-ஐப் பழைய விகிதத்திலேயே பகிர்வார்கள் என்று கொள்கிறோம், அதனால் தியாகமும் 3:2 என்று வருகிறது. யார் எவ்வளவு விடுகிறார்கள் என்றோ, புதிய விகிதம் என்னவென்றோ கொடுத்துவிட்டால், ஒவ்வொருவருக்கும் பழைய பங்கில் புதிய பங்கைக் கழித்தே பார்க்க வேண்டும்.

## 4. பழைய கூட்டாளிகளின் மூலதனத்தை முழுதாகச் சரிசெய்யுங்கள்

நான் பார்த்தவரை அதிக மதிப்பெண் போகும் இடம் இதுதான். இருப்புநிலைக் குறிப்பில் கண்ணில் படும் 3,00,000, 2,00,000 இரண்டையும் எடுத்து நேராகச் சூத்திரத்தில் போட்டுவிடுகிறார்கள்.

அது ஏன் தவறு? மறைமுக நற்பெயர் என்பது, ‘நிறுவனத்தின் மதிப்பு என்று ராணி ஒப்புக்கொண்டது’ ஒரு பக்கம், ‘ஏடுகளில் உண்மையாகத் தெரியும் நிகர மதிப்பு’ இன்னொரு பக்கம், இவற்றின் வித்தியாசம். பொதுக் காப்பு பழைய கூட்டாளிகளின் பணம். இயந்திரத்தின் மதிப்பு கூடியதும் அவர்களுடையது. இவற்றை மூலதனத்தில் சேர்க்காமல் விட்டால், ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியும் சொத்தையும் ‘மறைந்திருக்கிறது’ என்று எண்ணிவிடுவோம். நற்பெயர் பொய்யாகப் பெருகிவிடும்.

சரிக்கட்ட வேண்டியவை நம் கணக்கில் மூன்று.

பொதுக் காப்பு. ரூ.50,000-ஐப் பழைய விகிதத்தில் பிரித்து வரவு வைக்க வேண்டும். மாலாவுக்கு 30,000, குமாருக்கு 20,000. ராணி வருவதற்கு முன் சேர்ந்த லாபம் இது, அவர் இதில் பங்கு கேட்க முடியாது. இங்கே தியாக விகிதத்தைப் போட்டுவிடக் கூடாது. தியாக விகிதம் இனிமேல் வரப்போகும் லாபத்தைப் பற்றியது, காப்பு ஏற்கெனவே வந்துவிட்ட லாபம்.

மறுமதிப்பீடு. இயந்திரத்தில் 25,000 லாபம், ஐயக்கடன் ஒதுக்கில் 10,000 நட்டம், நிகர லாபம் 15,000. இதுவும் பழைய விகிதத்தில்தான். மாலாவுக்கு 9,000, குமாருக்கு 6,000.

ஏடுகளில் ஏற்கெனவே இருக்கும் நற்பெயர். சொத்துப் பக்கத்தில் ரூ.20,000 உட்கார்ந்திருக்கிறது. இதைப் பழைய விகிதத்தில் போக்கெழுத வேண்டும். மாலாவுக்கு 12,000 பற்று, குமாருக்கு 8,000 பற்று. இப்போது நாம் நற்பெயரைப் புதிதாக அளக்கப் போகிறோம். பழைய நற்பெயரை உள்ளே வைத்துக்கொண்டே அளந்தால், அந்த 20,000 அளவுக்கு விடை குறைந்துவிடும்.

| | மாலா (ரூ.) | குமார் (ரூ.) |
|---|---|---|
| தொடக்க மூலதனம் | 3,00,000 | 2,00,000 |
| கூட்டுக: பொதுக் காப்பு | 30,000 | 20,000 |
| கூட்டுக: மறுமதிப்பீட்டு லாபம் | 9,000 | 6,000 |
| கழிக்க: பழைய நற்பெயர் | 12,000 | 8,000 |
| சரிக்கட்டிய மூலதனம் | 3,27,000 | 2,18,000 |

இருவருக்கும் சேர்த்து ரூ.5,45,000. அடுத்த படிக்குப் போவதற்கு முன் இதைச் சொத்துப் பக்கத்திலிருந்து ஒருமுறை சரிபாருங்கள். இயந்திரம் 3,05,000, சரக்கிருப்பு 1,50,000, ஒதுக்கு போகக் கடனாளிகள் 1,10,000, ரொக்கம் 60,000. மொத்தம் 6,25,000. கடனீந்தோர் 80,000-ஐக் கழித்தால் 5,45,000. இரண்டு வழியிலும் ஒரே தொகை வந்தால் அடித்தளம் சரி. வராவிட்டால் ஏதோ ஒரு சரிக்கட்டல் விட்டுப்போயிருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள்.

சில கணக்குகளில் பகிர்ந்து தராத லாபமோ, குவிந்த நட்டமோ இருக்கும். அவற்றுக்கும் இதே வழிதான். லாபம் என்றால் வரவு, நட்டம் என்றால் பற்று, எப்போதும் பழைய விகிதம். வெறும் மூலதனங்கள் மட்டுமே கொடுத்து, காப்பு, மறுமதிப்பீடு எதுவும் சொல்லாத சின்னக் கணக்குகளும் வரும். அங்கே கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

## 5. மறைமுக நற்பெயரைக் கண்டுபிடியுங்கள்

ராணி 1/5 பங்குக்கு ரூ.2,00,000 தரச் சம்மதித்திருக்கிறார். ஐந்தில் ஒரு பங்குக்கு 2,00,000 என்றால், முழு நிறுவனமும் அவர் கணக்கில் எவ்வளவு?

2,00,000 × 5/1 = ரூ.10,00,000

பங்கைத் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம், அவ்வளவுதான். பங்கு 3/10 என்று இருந்தால் 10/3-ஆல் பெருக்க வேண்டும்.

அடுத்தது, ராணியும் வந்த பிறகு ஏடுகளில் உண்மையில் தெரியும் மூலதனம்:

3,27,000 + 2,18,000 + 2,00,000 = ரூ.7,45,000

மறைமுக நற்பெயர் = 10,00,000 − 7,45,000 = ரூ.2,55,000

இங்கே ராணியின் சொந்த 2,00,000-ஐச் சேர்க்க மறந்துவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. 10,00,000 என்பது ராணியின் பணம் உள்ளே வந்த பிறகான நிறுவனத்தின் மதிப்பு. அதோடு ஒப்பிடும் தொகையிலும் அந்தப் பணம் இருந்தாக வேண்டும். மறந்தால் 4,55,000 என்று வரும், சரியாக 2,00,000 அதிகம். உங்கள் விடைக்கும் நண்பரின் விடைக்கும் உள்ள வித்தியாசம் புதியவரின் மூலதனத்துக்குச் சமமாக இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், இதுதான் காரணம்.

இப்போது கிடைத்த 2,55,000 முழு நிறுவனத்தின் நற்பெயர். ராணி ஈடுகட்ட வேண்டியது தன் பங்கை மட்டும்:

2,55,000 × 1/5 = ரூ.51,000

அவசரத்தில் 2,55,000 முழுவதையும் ராணி பெயரில் எழுதிவிடுகிறவர்களும் உண்டு. ராணி வாங்குவது வருங்கால லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதனால் நற்பெயரிலும் ஐந்தில் ஒன்றுக்குத்தான் அவர் பொறுப்பு.

## 6. பதிவுகளை எழுதுங்கள்

காப்பு, மறுமதிப்பீடு, பழைய நற்பெயரைப் போக்கெழுதுவது ஆகிய பதிவுகள் நான்காம் படியிலேயே முடிந்துவிட்டன. மிச்சம் இரண்டு.

ராணியின் மூலதனம் வரும்போது:

ரொக்கக் கணக்கு, பற்று: 2,00,000
ராணி மூலதனக் கணக்கு, வரவு: 2,00,000

நற்பெயருக்கான ஈட்டுக்கு:

ராணி நடப்புக் கணக்கு, பற்று: 51,000
மாலா மூலதனக் கணக்கு, வரவு: 25,500
குமார் மூலதனக் கணக்கு, வரவு: 25,500

மூன்றாம் படியில் எழுதி வைத்த 1:1 இங்கேதான் வேலைக்கு வருகிறது. பழக்க தோஷத்தில் 3:2 போட்டால் மாலாவுக்கு 30,600, குமாருக்கு 20,400 போகும். இருவரும் ஆளுக்கு 1/10 விட்டிருக்கும்போது மாலாவுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுப்பது குமாருக்குச் செய்யும் அநியாயம்.

இந்தப் பதிவில் ‘நற்பெயர்க் கணக்கு’ என்ற ஒன்று எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நற்பெயர்க் கணக்கைப் பற்று வைத்து 2,55,000-ஐச் சொத்தாகக் காட்டக் கூடாது. கணக்கியல் தரநிலை 26-இன்படி, நிறுவனம் தானாக உருவாக்கிக்கொண்ட நற்பெயரைச் சொத்தாக ஏடுகளில் ஏற்ற முடியாது. நாம் கண்டுபிடித்த தொகை கூட்டாளிகளுக்கு இடையே கணக்கை நேர்செய்வதற்கான ஓர் அளவு மட்டுமே.

பற்று வைப்பது ராணியின் நடப்புக் கணக்கிலா, மூலதனக் கணக்கிலா? இரண்டு வழக்கமும் பாடநூல்களில் உண்டு. நடப்புக் கணக்கில் வைத்தால், பேசிக்கொண்டபடி அவர் மூலதனம் ரூ.2,00,000 என்றே நிற்கும். 51,000 அவர் நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையாகத் தனியே தெரியும். எனக்கு இதுதான் தெளிவாகப் படுகிறது. மூலதனக் கணக்கிலேயே கழித்தால் அது 1,49,000 ஆகிவிடும். நீங்கள் எந்தப் பாடத்திட்டத்துக்கு எழுதுகிறீர்களோ அதன் வழக்கத்தைப் பின்பற்றுங்கள். ஆனால் மூலதனக் கணக்கில் கழிக்கிறவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். அந்த 1,49,000-ஐ எடுத்துக்கொண்டு திரும்பப் போய் மொத்த மூலதனத்தைக் கணக்கிடக் கூடாது. ஐந்தாம் படி எப்போதும் ராணி கொண்டுவந்த 2,00,000-ஐ வைத்துத்தான்.

## 7. விடையை இப்படிச் சரிபாருங்கள்

எல்லாம் முடிந்த பிறகு நிலைமை இது: மாலா 3,52,500, குமார் 2,43,500, ராணி மூலதனம் 2,00,000, ராணியின் நடப்புக் கணக்கில் பற்று இருப்பு 51,000. நடப்புக் கணக்கைக் கழித்தால் மொத்தம் 7,45,000. நற்பெயர்ப் பதிவுக்கு முன்னும் இதே தொகைதான் இருந்தது. பணம் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு மாறியதே தவிர, நிறுவனத்துக்குள் புதிதாக எதுவும் வரவில்லை.

இப்போது ராணியை மட்டும் பாருங்கள். 2,00,000 − 51,000 = 1,49,000. மொத்த நிகர மதிப்பு 7,45,000-இல் ஐந்தில் ஒன்று எவ்வளவு? 1,49,000.

இது தற்செயல் இல்லை, எந்த எண்களைப் போட்டாலும் இப்படித்தான் வரும். ராணி தன் பங்குக்கு மேல் எவ்வளவு மூலதனம் போட்டிருக்கிறாரோ, அதுதான் அவர் சொல்லாமல் கொடுத்த நற்பெயர் ஈடு. அதைப் பழையவர்களுக்கு நகர்த்திவிட்டால், கண்ணுக்குத் தெரியும் சொத்தில் அவருக்கு நிற்பது சரியாக அவர் லாபப் பங்கின் அளவுதான். மறைமுக நற்பெயர்ச் சூத்திரத்துக்குள் இருக்கும் விஷயமே இதுதான். இது பிடிபட்டுவிட்டால், சூத்திரம் மறந்தாலும் விடைக்குப் போய்விடலாம்: 2,00,000-இல் 1,49,000-ஐக் கழித்தால் நேராக 51,000.

இந்தச் சோதனை நிறையத் தவறுகளைப் பிடித்துவிடும். நான்காம் படியைத் தாண்டிக் குதித்து, சரிக்கட்டாத 5,00,000-ஐ வைத்துக் கணக்கிட்டிருந்தால் மறைமுக நற்பெயர் 3,00,000, ராணியின் பங்கு 60,000, அவருக்கு மிஞ்சுவது 1,40,000 என்று வரும். கடைசி ஏட்டின் மொத்தத்தில் ஐந்தில் ஒன்றோ 1,49,000. ஒத்துப்போகவில்லை. ராணியின் மூலதனத்தைச் சேர்க்க மறந்திருந்தால் பங்கு 91,000 ஆகி 1,09,000 மிஞ்சும். அதுவும் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் இரண்டு தவறுகள் இதில் தப்பித்துவிடும். ஒன்று, 51,000-ஐப் பழையவர்களுக்குள் தவறான விகிதத்தில் பிரித்தது. அதற்கு மூன்றாம் படியைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். மற்றொன்று, பழைய நற்பெயர் 20,000-ஐப் போக்கெழுதாமல் விட்டது. அப்போது மொத்தம் 7,65,000, மறைமுக நற்பெயர் 2,35,000, ராணியின் பங்கு 47,000, மிச்சம் 1,53,000 என்று வரும். 7,65,000-இல் ஐந்தில் ஒன்றும் 1,53,000 என்பதால் எல்லாம் பொருந்துவது போலவே தெரியும். அதனால் கடைசி இருப்புநிலைக் குறிப்பின் சொத்துப் பக்கத்தில் ‘நற்பெயர்’ என்ற வரி இன்னும் இருக்கிறதா என்று கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புதிய இருப்புநிலைக் குறிப்பில் சொத்துகள்: இயந்திரம் 3,05,000, சரக்கிருப்பு 1,50,000, கடனாளிகள் 1,10,000, ரொக்கம் 2,60,000, ராணி நடப்புக் கணக்கு 51,000. மொத்தம் 8,76,000. பொறுப்புப் பக்கம் கடனீந்தோர் 80,000-உம் மூன்று மூலதனங்கள் 7,96,000-உம் சேர்ந்து அதே 8,76,000.

## 8. பழைய கூட்டாளி ஒருவருக்கே பங்கு கூடினால்

இதே கணக்கில், விட்டுக்கொடுக்கும் பாகங்களுக்குப் பதிலாகப் புதிய விகிதம் 3:5:2 என்று கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாம் அப்படியே.

மாலா: 6/10 − 3/10 = 3/10 தியாகம்

குமார்: 4/10 − 5/10 = −1/10

குமாருக்குக் கழித்தல் குறியோடு வந்திருக்கிறது. இதைப் பார்த்ததும் ‘எங்கோ தப்பு’ என்று அடித்துவிட்டு பழைய விகிதத்துக்குத் திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். தப்பு எதுவும் இல்லை. மாலா 3/10 விட்டார், அதில் 2/10 ராணிக்கும் 1/10 குமாருக்கும் போயிருக்கிறது. குமார் இங்கே தியாகம் செய்தவர் இல்லை, ஆதாயம் பெற்றவர்.

மறைமுக நற்பெயர் மாறாது, அதே 2,55,000. லாபப் பங்கைப் பழையவர்கள் தங்களுக்குள் எப்படி மாற்றிக்கொண்டாலும், ராணியின் மூலதனமும் பங்கும் அதேதான். பதிவு மட்டும் மாறுகிறது. ஆதாயம் பெற்ற இருவரும் ஈடு தர வேண்டும்:

ராணி நடப்புக் கணக்கு, பற்று: 51,000 (2,55,000 × 2/10)
குமார் மூலதனக் கணக்கு, பற்று: 25,500 (2,55,000 × 1/10)
மாலா மூலதனக் கணக்கு, வரவு: 76,500 (2,55,000 × 3/10)

ராணி தரும் 51,000 மட்டும் மாலாவுக்குப் போய், குமாரின் 25,500 விட்டுப்போவது இந்த வகையில் அடிக்கடி நடப்பது. மாலா விட்ட 3/10-க்கு உரிய 76,500 முழுதாக வந்து சேர்ந்ததா என்று பார்த்தால் பிடிபட்டுவிடும்.

## 9. வித்தியாசம் பூஜ்யமாகவோ குறைவாகவோ வந்தால்

ராணி 2,00,000-க்குப் பதிலாக 1,30,000 கொண்டுவருகிறார் என்று வையுங்கள். ஐந்தால் பெருக்கினால் 6,50,000. ஏடுகளில் தெரியும் மூலதனமோ 5,45,000 + 1,30,000 = 6,75,000. வித்தியாசம் கழித்தலில் வருகிறது. அப்போது மறைமுக நற்பெயர் இல்லை என்று எழுதி நிறுத்திவிடுங்கள். குறியைத் திருப்பிப் போட்டு, பழையவர்கள் ராணிக்கு ஈடு தருவதாகப் பதிவு எழுதக் கூடாது. ஆனால் அப்படி முடிவு செய்வதற்கு முன், நான்காம் படியில் ஏதாவது நட்டத்தையோ பழைய நற்பெயரையோ கழிக்காமல் விட்டீர்களா என்று பாருங்கள். கழிக்காமல் விட்டால் தெரியும் மூலதனம் வீங்கி, உண்மையில் இருக்கும் நற்பெயரும் காணாமல் போய்விடும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. புதியவரின் மூலதனம் அவருடைய லாபப் பங்குக்கு ஏற்றதாக நிர்ணயிக்கப்பட்டது என்ற அனுமானத்தின் மேல்தான் இது முழுக்க நிற்கிறது. நடைமுறையில் ஒரு நிறுவனத்துக்குக் கையில் பணம் தேவைப்பட்டதாலேயே புதியவர் கூடுதல் மூலதனம் போட்டிருக்கலாம். அதற்குத் தனியாக வட்டி தருவதாக உடன்படிக்கையில் இருக்கலாம். அப்படி இருக்கும்போது கூடுதல் தொகையை நற்பெயர் என்று எடுத்துக்கொண்டால், வட்டிக்காகப் போட்ட பணத்தின் ஒரு பகுதியை அவரிடமிருந்து பறித்துப் பழையவர்களுக்குக் கொடுத்ததாகிவிடும். தேர்வுக் கணக்கில் வேறு தகவல் இல்லாவிட்டால் அனுமானத்தை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போடலாம். உண்மையான நிறுவனத்துக்குக் கணக்கு எழுதுகிறவர் முதலில் கூட்டாண்மை உடன்படிக்கையைப் படிக்க வேண்டும். அதில் நற்பெயரை எப்படி மதிப்பிடுவது என்று ஒரு விதி இருந்தால், ஐந்தாம் படியில் வந்த தொகையை விட்டுவிட்டு அந்த விதிப்படி வரும் தொகையை எடுத்து, ஆறாம் படியின் பதிவை எழுத வேண்டும்.